கனங்களைக் கூட்டினால் ஏன் வர்க்கம் வருகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1³ + 2³ + 3³ + … + n³ என்பது (1 + 2 + 3 + … + n)² என்கிறார்கள். சூத்திரம் தெரியும், ஆனால் ஏன் அப்படி? ஒரே மூச்சில் சொல்ல முடியுமா?

முடியும். 1 முதல் n வரையான எண்களின் கூடுதலை T(n) என்று வைத்துக்கொள்வோம். T(1) = 1, T(2) = 3, T(3) = 6, T(4) = 10, T(5) = 15. இவற்றை முக்கோண எண்கள் என்பார்கள். இப்போது இவற்றின் வர்க்கங்களை எழுதுங்கள்: 1, 9, 36, 100, 225. அடுத்தடுத்த வர்க்கங்களுக்கு இடையிலான வித்தியாசங்களைப் பாருங்கள். 9 − 1 = 8, 36 − 9 = 27, 100 − 36 = 64, 225 − 100 = 125. அத்தனையும் கனங்கள், அதுவும் வரிசைப்படி.

காரணம் a² − b² = (a + b)(a − b) என்ற பழகிய முற்றொருமையிலேயே இருக்கிறது. a = T(n), b = T(n−1) என்று போட்டால், இரண்டின் வித்தியாசம் n. கடைசியாகச் சேர்த்த எண் அதுதானே. இரண்டின் கூடுதலோ n². ஏனென்றால் T(n) = n(n+1)/2, T(n−1) = n(n−1)/2; கூட்டினால் n(n+1+n−1)/2 = n·2n/2 = n². ஆக, வர்க்கங்களின் வித்தியாசம் n² × n = n³.

ஒவ்வொரு முறை ஒரு கனத்தைச் சேர்க்கும்போதும், முந்தைய முக்கோண எண்ணின் வர்க்கம் அடுத்த முக்கோண எண்ணின் வர்க்கத்துக்கு நகர்கிறது. தொடக்கம் 0. எனவே n கனங்களைச் சேர்த்து முடித்ததும் நிற்பது T(n)². முழு நிறுவலும் இவ்வளவுதான். கீழே வரும் படமும் அட்டவணையும் இதே உண்மையின் வேறு வடிவங்கள்.

இயற்கணிதம் சரி, ஆனால் கண்ணால் பார்த்தால்தான் எனக்கு மனதில் நிற்கும். இதைப் படமாக வரைய முடியுமா?

கட்டம் போட்ட தாளை எடுத்துக்கொள்ளுங்கள். n = 5 வரை போக, பக்கத்துக்குப் பதினைந்து கட்டங்கள் கொண்ட சதுரம் போதும்.

வலது மேல் மூலையில் ஒரே ஒரு கட்டத்துக்கு நிறம் கொடுங்கள். அது 1³. அதன் இடப்புறமும் கீழ்ப்புறமும் சேர்ந்து வருமாறு 2 கட்ட அகலத்தில் ஒரு பட்டை வரையுங்கள். ‘ட’ என்ற எழுத்தின் வடிவத்தில் அது இருக்கும். இப்போது சதுரத்தின் பக்கம் 1 + 2 = 3. அடுத்து, அதற்கு வெளியே 3 கட்ட அகலத்தில் இன்னொரு ட பட்டை, பக்கம் 6. பிறகு 4 கட்ட அகலப் பட்டை, பக்கம் 10. கடைசியாக 5 கட்ட அகலப் பட்டை; பக்கம் 15. ஒவ்வொரு பட்டைக்கும் வேறு நிறம் கொடுத்தால் தெளிவாகத் தெரியும்.

முழுச் சதுரத்தின் பக்கம் 1 + 2 + 3 + 4 + 5. ஆகவே அதில் உள்ள கட்டங்கள் (1 + 2 + 3 + 4 + 5)² = 225. அதே கட்டங்களைப் பட்டை பட்டையாக எண்ணினால் என்ன வரும் என்பதுதான் கேள்வி.

5 கட்ட அகலப் பட்டையை மட்டும் பாருங்கள். அது சுற்றியிருக்கும் உள்சதுரத்தின் பக்கம் 10. எனவே நிமிர்ந்த கை 10 கட்ட நீளம், கிடந்த கை 10 கட்ட நீளம், இரண்டும் சந்திக்கும் மூலையில் 5 × 5 அளவில் ஒரு சதுரம். இரண்டு கைகளையும் வெட்டி மூலைச் சதுரத்தோடு நேர்கோட்டில் அடுக்கினால், 10 + 5 + 10 = 25 கட்ட நீளமும் 5 கட்ட அகலமும் கொண்ட நீண்ட செவ்வகம் கிடைக்கும். 25 × 5 = 125 = 5³.

எந்த n எடுத்தாலும் இதே கதைதான். ஒரு கையின் நீளம் T(n−1) = n(n−1)/2. இரண்டு கைகளும் சேர்ந்து n(n−1). மூலை n. மொத்த நீளம் n(n−1) + n = n². அகலம் n. பரப்பு n³. முதல் பதிலில் வந்த ‘கூடுதல் n², வித்தியாசம் n’ என்பது இங்கே பட்டையின் நீளமாகவும் அகலமாகவும் கண்முன் நிற்கிறது. வரையும்போது ஒன்றில் கவனம் தேவை: n-ஆவது பட்டையின் அகலம் n ஆக இருக்க வேண்டும். எல்லாப் பட்டைகளையும் ஒரே கட்ட அகலத்தில் வரைந்தால் அது வேறொரு படம். அதில் பட்டைகள் 1, 3, 5, 7 என ஒற்றை எண்களைத் தரும், கனங்களைத் தராது.

கனம் என்பது முப்பரிமாணம், வர்க்கம் என்பது தட்டையான பரப்பு. இரண்டும் எப்படிச் சமமாகும்?

கனத்தைத் தட்டையாக விரித்துவிடுகிறோம். 5 × 5 × 5 அளவுள்ள கனச்சதுரத்தை ஐந்து அடுக்குகளாகப் பிரித்தால், ஒவ்வொன்றும் ஓர் அலகு தடிமனுள்ள 5 × 5 தகடு. ஐந்து தகடுகளையும் தரையில் பரப்பினால் 125 கட்டங்கள் மூடப்படும். மேலே பார்த்த பட்டை அந்த ஐந்து தகடுகளால் ஆனதுதான்: நிமிர்ந்த கையில் இரண்டு, கிடந்த கையில் இரண்டு, மூலையில் ஒன்று.

எண்களின் அளவிலும் முரண்பாடு இல்லை. T(n) என்பதே n-இல் இரண்டாம் படி உடையது. அதன் வர்க்கம் நாலாம் படி. மறுபக்கம், மூன்றாம் படி எண்கள் n எண்ணிக்கையில் கூடும்போதும் நாலாம் படிதான் கிடைக்கும்.

4 கட்ட அகலப் பட்டையை 4 × 4 சதுரங்களாக வெட்டிப் பார்த்தேன், சரியாக வரவில்லை. என்ன தவறு?

தவறு இல்லை. n ஒற்றை எண்ணாக இருக்கும்போது மட்டும்தான் கைகள் முழுச் சதுரங்களாகப் பிரியும். கையின் நீளம் n(n−1)/2, அதாவது n அகலச் சதுரங்கள் (n−1)/2 எண்ணிக்கையில். n = 5 என்றால் இரண்டு, n = 7 என்றால் மூன்று. n = 4 என்றால் ஒன்றரை.

எனவே 4-ஆம் பட்டையில் ஒவ்வொரு கையும் 6 கட்ட நீளம். அதில் ஒரு 4 × 4 சதுரம் போனால் 2 × 4 அளவில் பாதிச் சதுரம் மிஞ்சும். இரண்டு கைகளிலும் மிஞ்சிய பாதிகளைச் சேர்த்தால் இன்னொரு முழுச் சதுரம். ஆக, கைகளில் ஒவ்வொன்று, பாதிகள் சேர்ந்து ஒன்று, மூலையில் ஒன்று, மொத்தம் நான்கு. எல்லா இரட்டை எண்களுக்கும் இப்படித்தான்: கைக்கு ஒரு பாதி மிஞ்சும், இரண்டு பாதிகளும் பொருந்திவிடும்.

சில படங்களில் பாதிகளை வெட்டாமல், இரண்டு முழுச் சதுரங்களை உள்மூலைக்கு அருகே ஒன்றன்மேல் ஒன்று ஏறுமாறு வரைந்து, அதே அளவு இடைவெளியை வேறிடத்தில் காலியாக விட்டிருப்பார்கள். ஏறிய பரப்பும் காலிப் பரப்பும் சமம் என்று தனியாக நிறுவ வேண்டியிருப்பதால், முதன்முதலில் பார்ப்பவருக்கு அந்தப் படம் குழப்பும். பாதிகளை வெட்டி ஒட்டுவதே நேரான வழி.

பெருக்கல் வாய்ப்பாட்டிலேயே இது ஒளிந்திருக்கிறது என்று கேள்விப்பட்டேன். எங்கே?

1 முதல் 4 வரை பெருக்கல் அட்டவணை போடுங்கள்.

```
1   2   3   4
2   4   6   8
3   6   9  12
4   8  12  16
```

முதலில் எல்லா எண்களையும் நிரை நிரையாகக் கூட்டுங்கள். முதல் நிரை 1 + 2 + 3 + 4 = 10. இரண்டாம் நிரை அதன் இரண்டு மடங்கு, மூன்றாவது மூன்று மடங்கு, நான்காவது நான்கு மடங்கு. மொத்தம் 10 × (1 + 2 + 3 + 4) = 10 × 10 = 100. அட்டவணையில் உள்ள அத்தனை எண்களின் கூடுதல் T(4)².

இப்போது அதே எண்களை வேறு விதமாகக் கூட்டுங்கள். இடது மேல் மூலையில் 1. அதைச் சுற்றி 2, 4, 2, கூட்டினால் 8. அதைச் சுற்றி 3, 6, 9, 6, 3, கூட்டினால் 27. வெளிச்சுற்றில் 4, 8, 12, 16, 12, 8, 4; கூட்டினால் 64. கனங்கள்!

வெளிச்சுற்று ஏன் 64 ஆகிறது? அதிலுள்ள எல்லா எண்களும் 4-இன் மடங்குகள். 4-ஐ வெளியே எடுத்தால் மிஞ்சுவது 1 + 2 + 3 + 4 + 3 + 2 + 1. இப்படி ஏறி இறங்கும் வரிசையின் கூடுதல் எப்போதும் உச்சியில் உள்ள எண்ணின் வர்க்கம், இங்கே 16. காரணம், ஏறும் பகுதி T(4), இறங்கும் பகுதி T(3), இரண்டும் சேர்ந்தால் 4². ஆக 4 × 16 = 64.

படம் வரைவதைவிட இந்த அட்டவணை வசதியானது என்பது என் கருத்து. பாதிச் சதுரம் போன்ற தொந்தரவு இல்லை, ஒற்றை இரட்டை வேறுபாடும் இல்லை. வகுப்பில் ஐந்து நிமிடம்தான் இருக்கிறது என்றால் இதையே காட்டுங்கள்.

ஒற்றை எண்களைக் குழு குழுவாகப் பிரித்தால் கனங்கள் வருமாமே? அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நேரடித் தொடர்பு உண்டு. ஒற்றை எண்களை வரிசையாக எழுதி, முதலில் ஒன்று, பிறகு இரண்டு, பிறகு மூன்று, நான்கு என்ற எண்ணிக்கையில் பிரியுங்கள்.

1 = 1
3 + 5 = 8
7 + 9 + 11 = 27
13 + 15 + 17 + 19 = 64

n-ஆவது குழுவில் n எண்கள் உள்ளன. அவற்றின் சராசரி n². நான்காம் குழுவில் நடுவே 15-க்கும் 17-க்கும் இடையில் 16 இருப்பதைப் பாருங்கள். n எண்கள், சராசரி n², கூடுதல் n³.

முதல் n குழுக்களையும் சேர்த்தால் மொத்தம் 1 + 2 + … + n = T(n) ஒற்றை எண்கள் ஆகும். தொடக்கத்திலிருந்து m ஒற்றை எண்களைக் கூட்டினால் m² வரும் என்பது தெரிந்ததே. எனவே மொத்தம் T(n)². இரண்டு எளிய உண்மைகள் கைகோத்து நம் சூத்திரத்தைத் தந்துவிடுகின்றன. சராசரி ஏன் சரியாக n² என்று கேட்டால்: குழுவின் முதல் எண் n² − n + 1, கடைசி எண் n² + n − 1, நடுப்புள்ளி n². முதல் எண் அதுவாக இருப்பதற்குக் காரணம், அதற்கு முன் T(n−1) ஒற்றை எண்கள் தீர்ந்துவிட்டன; அடுத்த ஒற்றை எண் 2·T(n−1) + 1 = n(n−1) + 1.

இதை முதலில் கண்டவர் யார்?

ஒற்றை எண்களைக் குழுவாக்கிக் கனங்கள் பெறும் வழி, ஏறத்தாழ கி.பி. 100-ஐ ஒட்டி வாழ்ந்த கெராசா ஊர் நிக்கோமாக்கஸ் எழுதிய எண்கணித நூலில் இருக்கிறது. அதனால்தான் இந்தச் சூத்திரத்தை அவர் பெயரால் அழைக்கிறார்கள். கனங்களின் கூடுதல் என்பது எண்களின் கூடுதலின் வர்க்கம் என்ற விதியை ஆரியபடர் 499-இல் இயற்றிய ஆரியபடீயத்தின் கணிதப் பகுதியில் நேராகவே சொல்கிறார். செய்யுள் வடிவில், நிறுவல் இல்லாமல். ட பட்டைகளை ஒவ்வொன்றாக உரித்துக் காட்டும் நிறுவல், 1000-ஆம் ஆண்டையொட்டி பாக்தாதில் இருந்த அல்-கரஜியின் எழுத்தில் கிடைக்கிறது. அவர் 1 முதல் 10 வரைதான் செய்தார், ஆனால் அந்த முறை எந்த எண்ணுக்கும் பொருந்தும்.

கணிதத் தொகுத்தறிதல் முறையில் நிறுவும்போது நாலாம் படிக் கோவையில் சிக்கிக்கொள்கிறேன். எங்கே வழி தவறுகிறேன்?

அடைப்புக்குறிகளை எல்லாம் விரித்துவிடுகிறீர்கள். அதுதான் சிக்கல். n வரை சரி என்று வைத்துக்கொண்டு (n+1)³-ஐச் சேர்த்தால் கிடைப்பது

n²(n+1)²/4 + (n+1)³

இதை விரித்தால் (n⁴ + 6n³ + 13n² + 12n + 4)/4 என்று வரும். இது தவறல்ல, ஆனால் இதைத் திரும்பக் காரணிப்படுத்துவது பெரும்பாடு. விரிக்காமல், இரண்டு உறுப்புகளுக்கும் பொதுவான (n+1)²-ஐ வெளியே எடுங்கள்:

(n+1)²/4 × (n² + 4(n+1)) = (n+1)²/4 × (n² + 4n + 4) = (n+1)²(n+2)²/4

இது T(n+1)². முடிந்தது. (n+1)³-ஐ 4(n+1)·(n+1)²/4 என்று பார்ப்பதுதான் நுட்பமான இடம்; அந்த 4-ஐ விட்டுவிட்டால் n² + n + 1 என்று வந்து எதுவும் பொருந்தாது. விடைத்தாளில் அடிக்கடி மதிப்பெண் போகும் இடமும் இதுதான்.

இன்னொரு தவறும் உண்டு. நிறுவ வேண்டிய சமன்பாட்டை முதல் வரியில் எழுதிவிட்டு, இருபுறமும் சுருக்கி, கடைசியில் 0 = 0 என்று முடிப்பார்கள். நிறுவ வேண்டியதையே உண்மை என்று எடுத்துக்கொண்டதால் அது நிறுவல் ஆகாது. இடப்பக்கத்தில் மட்டும் தொடங்கி, வலப்பக்கத்தை அடைந்து நிறுத்துங்கள். n = 1 என்ற தொடக்கப் படியையும் எழுத மறக்க வேண்டாம்.

ஒன்றைச் சொல்ல வேண்டும்: தொகுத்தறிதல் இந்தச் சூத்திரம் சரி என்று உறுதிப்படுத்தும், ஏன் என்று காட்டாது. சூத்திரம் முன்கூட்டியே கையில் இருந்தால்தான் அந்த முறையைத் தொடங்கவே முடியும். ‘ஏன்’ என்பதற்கு ட பட்டைக்குத்தான் திரும்ப வேண்டும்.

11³ + 12³ + … + 20³ கேட்டார்கள். (11 + 12 + … + 20)² போட்டேன், தவறு என்கிறார்கள். ஏன்?

ஏனென்றால் சூத்திரம் 1-இலிருந்து தொடங்கினால் மட்டுமே பொருந்தும். படத்தை நினைத்துப் பாருங்கள். 11-ஆவது பட்டை தன்னுள்ளே பக்கம் 55 உள்ள சதுரத்தை அணைத்துக்கொண்டிருக்கிறது. அந்தச் சதுரம் இல்லை என்றால் பட்டையின் கைகளுக்கு அந்த நீளமே கிடையாது.

சரியான வழி, பெரிய சதுரத்திலிருந்து உள்சதுரத்தைக் கழிப்பது:

T(20) = 20 × 21/2 = 210, வர்க்கம் 44,100
T(10) = 10 × 11/2 = 55, வர்க்கம் 3,025
விடை 44,100 − 3,025 = 41,075

நீங்கள் போட்டது 155² = 24,025. இரண்டுக்கும் எவ்வளவு தூரம் பாருங்கள். 20³ மட்டுமே 8,000, 19³ = 6,859, 18³ = 5,832, 17³ = 4,913; இந்த நான்கே 25,604 ஆகிவிடுகின்றன. பெரிய உறுப்புகள் சிலவற்றை இப்படிக் கூட்டிப் பார்த்தாலே 24,025 சாத்தியமில்லை என்று தெரிந்துவிடும்.

இதில் இன்னொரு வழுக்கல், T(10)-க்குப் பதில் T(11)-ஐக் கழிப்பது. அப்போது 44,100 − 4,356 = 39,744 வரும். சரியான விடையிலிருந்து இது 1,331 குறைவு. 1,331 என்பது 11³. விடையில் இருக்க வேண்டிய முதல் உறுப்பையும் சேர்த்துக் கழித்துவிட்டோம் என்பதை அந்த எண்ணே காட்டிக்கொடுக்கிறது.

இரட்டை எண்களின் கனங்கள் மட்டும், அல்லது ஒற்றை எண்களின் கனங்கள் மட்டும் என்றால்?

இரட்டை எண்கள் சுலபம். 2³ + 4³ + … + (2m)³-இல் ஒவ்வொரு உறுப்பிலும் 8 பொதுவாக இருக்கிறது. எனவே விடை 8·T(m)². 8 முழு வர்க்கம் இல்லை என்பதால் இந்தக் கூடுதலும் முழு வர்க்கமாகாது.

ஒற்றை எண்களுக்கு, 2m வரையான எல்லாக் கனங்களிலிருந்தும் இரட்டையின் கனங்களைக் கழியுங்கள். T(2m)² − 8·T(m)² = m²(2m+1)² − 2m²(m+1)² = m²(2m² − 1). சரிபார்க்க: 1 + 27 + 125 = 153; m = 3 என்றால் 9 × 17 = 153.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. முதல் ஐந்து ஒற்றை எண்களின் கனங்களைக் கூட்டினால் 1 + 27 + 125 + 343 + 729 = 1,225, அதாவது 35². ஐந்து உறுப்புகளை மட்டும் சோதித்தவர், ஒற்றை எண்களுக்கும் வர்க்கம்தான் வருகிறது என்று முடிவு கட்டிவிடலாம். m = 5 ஆகும்போது 2m² − 1 = 49 என்று அமைந்துவிட்டதால் நேர்ந்தது அது. மேலும் 1 + 3 + 5 + 7 + 9 = 25-இன் வர்க்கம் 625, 1,225 அல்ல. விடை வர்க்கமாக இருப்பது வேறு, எண்களின் கூடுதலின் வர்க்கமாக இருப்பது வேறு.

நிரல் எழுதினேன். சிறிய n-க்குச் சரி, பெரிய n-க்குத் தவறான விடை. சூத்திரத்தில் எல்லை உண்டா?

சூத்திரத்துக்கு எல்லை இல்லை, எண்ணைச் சேமிக்கும் இடத்துக்கு உண்டு. பைத்தானில் முழு எண் வகுத்தலைப் பயன்படுத்தி இப்படி எழுதினால் எவ்வளவு பெரிய n-க்கும் சரியாக வரும்:

```python
def cube_sum(n):
    t = n * (n + 1) // 2
    return t * t
```

`//` என்ற இடத்தில் `/` போட்டால் t மிதவைப்புள்ளி எண்ணாகிவிடும். 2⁵³ வரைதான் அது எல்லா முழு எண்களையும் பிசகின்றித் தாங்கும். n = 13,777 ஆகும்போது T(n) = 94,909,753; அதன் வர்க்கம் 2⁵³-ஐத் தாண்டிய ஓர் ஒற்றை எண். அந்த உயரத்தில் மிதவைப்புள்ளியால் ஒற்றை எண்ணை வைத்திருக்க முடியாது, எனவே கடைசி இலக்கம் பிசகும். பிழைச் செய்தி எதுவும் வராது என்பதால் கண்டுபிடிப்பது கடினம்.

குறியுடன் கூடிய 32 பிட் முழு எண்ணில் எல்லை மிகவும் முன்னதாகவே வரும். அதில் அடங்கும் பெரிய எண் 2,147,483,647. n = 303-க்கு விடை 2,121,155,136; அடங்கிவிடும். n = 304-க்கு 2,149,249,600; அடங்காது. பெரும்பாலும் −2,145,717,696 என்ற குறை எண்ணைத் திரையில் காண்பீர்கள். கனங்களின் கூடுதல் குறை எண்ணாக வந்தால் காரணத்தைத் தேட வேண்டியதே இல்லை. மாறியை 64 பிட்டுக்கு மாற்றுங்கள்.

1, 2, 3, … தவிர வேறு எண் வரிசைக்கும் இந்தப் பண்பு உண்டா?

எந்த உறுப்போடு நிறுத்தினாலும் ‘கனங்களின் கூடுதல் = கூடுதலின் வர்க்கம்’ என்று இருக்க வேண்டும், எல்லா எண்களும் நேர் எண்களாக இருக்க வேண்டும் என்றால், 1, 2, 3, … தவிர வேறு வரிசையே கிடையாது. இது சூத்திரத்தைவிட வலிமையான உண்மை, நிறுவுவதும் கடினமில்லை.

முதல் எண் a என்றால் a³ = a², எனவே a = 1. வேறு வழியில்லை. அடுத்த எண் a என்றால் (1 + a)² = 1 + a³. சுருக்கினால் a² − a − 2 = 0, அதாவது (a − 2)(a + 1) = 0. நேர் எண் 2 மட்டுமே. இப்படி n − 1 எண்கள் 1, 2, …, n−1 என்று அமைந்துவிட்டன என்போம். அடுத்த எண் a-வுக்கு (T(n−1) + a)² = T(n−1)² + a³. விரித்து, a-ஆல் வகுத்தால் 2·T(n−1) + a = a². 2·T(n−1) என்பது n(n−1) ஆகையால், இது (a − n)(a + n − 1) = 0 ஆகிறது. நேர் எண் n மட்டும்தான்.

குறை எண்களையும் அனுமதித்தால் −(n−1) என்ற இரண்டாவது விடையும் உயிர்பெறும். உதாரணமாக 1, 2, −2 என்ற வரிசை: கூடுதல் 1, கனங்களின் கூடுதல் 1 + 8 − 8 = 1.

எல்லா இடத்திலும் நிறுத்த வேண்டாம், மொத்தத்துக்கு மட்டும் பொருந்தினால் போதும் என்றால் வேறு தொகுப்புகள் ஏராளம். அவற்றைப் பெற 19-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லியூவில் தந்த வழி அழகானது. ஏதேனும் ஓர் எண்ணை எடுங்கள். 12 என்று வைப்போம். அதன் வகுத்திகள் 1, 2, 3, 4, 6, 12. ஒவ்வொரு வகுத்திக்கும் எத்தனை வகுத்திகள் உண்டு என்று எண்ணுங்கள்: முறையே 1, 2, 2, 3, 4, 6. இவற்றின் கூடுதல் 18, வர்க்கம் 324. கனங்கள் 1 + 8 + 8 + 27 + 64 + 216 = 324. எந்த எண்ணில் தொடங்கினாலும் இது பொருந்தும். 8 போன்ற 2-இன் அடுக்கில் தொடங்கினால் வகுத்திகள் 1, 2, 4, 8. எண்ணிக்கைகள் 1, 2, 3, 4. நமது பழைய சூத்திரம் இதன் ஒரு சிறப்பு நிலையாக உள்ளே உட்கார்ந்திருக்கிறது.

வர்க்கங்களுக்கோ ஐந்தாம் படிக்கோ இதுபோல அழகான சூத்திரம் ஏன் இல்லை?

பட்டை பொருந்த வேண்டும் என்பதால். T(n)-இன் எந்த அடுக்கை எடுத்து, அடுத்தடுத்த வித்தியாசம் பார்த்தாலும், அந்த வித்தியாசம் ஒரே ஒரு அடுக்காக அமைவது வர்க்கத்திலும், அதற்குக் கீழே வெறும் T(n) − T(n−1) = n என்பதிலும் மட்டும்தான். கனத்தை எடுத்துப் பாருங்கள்:

T(n)³ − T(n−1)³ = n³/8 × ((n+1)³ − (n−1)³) = n³(6n² + 2)/8 = (3n⁵ + n³)/4

ஐந்தாம் படியோடு மூன்றாம் படியும் ஒட்டிக்கொண்டு வருகிறது. அதனால் ஐந்தாம் படிகளின் கூடுதல் தனியாகக் கிடைக்காது. 3 மடங்கு ஐந்தாம் படிகளின் கூடுதலும் கனங்களின் கூடுதலும் சேர்ந்து 4·T(n)³ ஆகும். n = 2-க்குச் சரிபார்க்கலாம்: 3 × 33 + 9 = 108, 4 × 27 = 108. கனங்களின் கூடுதல் T(n)² என்பது தெரியும் என்பதால், ஐந்தாம் படிகளின் கூடுதல் T(n)²·(4·T(n) − 1)/3 என்று எழுதிக்கொள்ளலாம்.

நாலாம் அடுக்கை எடுத்தால் வித்தியாசம் (n⁵ + n⁷)/2 என்று வரும். அதாவது ஐந்தாம் படிகளின் கூடுதலும் ஏழாம் படிகளின் கூடுதலும் சேர்ந்து 2·T(n)⁴. n = 2-க்கு 33 + 129 = 162, 2 × 81 = 162. ஒற்றைப் படிகள் எல்லாவற்றின் கூடுதலையும் இப்படி T(n)-ஐ மட்டும் வைத்து எழுத முடியும். வர்க்கம், நாலாம் படி போன்ற இரட்டைப் படிகளுக்கு T(n) மட்டும் போதாது. கூடவே (2n + 1) என்ற காரணி வரும். முதல் n வர்க்கங்களின் கூடுதல் n(n+1)(2n+1)/6 என்பதில் நீங்கள் ஏற்கெனவே பார்த்திருக்கும் அதே (2n + 1).